மூன்று முறை சரி, நான்காம் முறை தவறு

2010 மே 22, காலை ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்கள். துபாயிலிருந்து 160 பயணிகளோடும் 6 ஊழியர்களோடும் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-800 மங்களூரு ஓடுபாதையை நெருங்கிக்கொண்டிருந்தது. காற்று அசையவில்லை, மழை இல்லை, ஆறு கிலோமீட்டர் தூரம்வரை கண்ணுக்குத் தெரிந்தது. விமானத்திலும் குறையில்லை. சில நிமிடங்களில் அது ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தாக்கில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் தப்பினார்கள்.

அந்தக் கடைசி நிமிடத்தில் துணை விமானி மூன்று முறை "கோ-அரவுண்ட்" என்றார். இறங்குவதைக் கைவிட்டு முழு விசை கொடுத்து மேலே போய்விடலாம், சுற்றி வந்து மறுபடி முயலலாம் என்பது அதன் பொருள். மூன்று முறையும் அவர் சொன்னது சரி. கேப்டன் கேட்கவில்லை. ஓடுபாதையில் பாதிக்கும் மேல் கடந்து சக்கரம் பதிந்த பிறகு கேப்டன் தாமாகவே மேலெழ முயன்றார். அந்த நான்காவது கோ-அரவுண்ட்தான் தவறானது. அதே செயல் ஒரு நிமிடத்துக்கு முன்பு எல்லோரையும் காப்பாற்றியிருக்கும், ஒரு நிமிடத்துக்குப் பின்பு காப்பாற்ற முடியாததாகிவிட்டது. விமானி எப்போது, எதை வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதை இந்த ஒரே விபத்தைக் கொண்டு பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

முதலில், ஒழுங்காக இறங்கும் விமானம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஓடுபாதையை நோக்கி வரும் பயணிகள் ஜெட் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. ஒரு கடல் மைல் முன்னேறினால் 318 அடி இறங்கும். விமானிகள் மனக்கணக்குக்காக 300 என்று வைத்துக்கொள்வார்கள். தரை வேகம் 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 முதல் 750 அடிவரை இறங்கினால் அந்தச் சரிவில் நிற்கலாம். அதாவது ஓடுபாதையிலிருந்து 1000 அடி உயரத்தில் இருக்கும்போது இன்னும் மூன்று மைல் தூரம் இருக்கிறது, சுமார் ஒன்றேகால் நிமிடம் இருக்கிறது. 500 அடியில் அதில் பாதி.

இந்த ஒன்றேகால் நிமிடத்தில் விமானிக்கு வேறு வேலை இருக்கக் கூடாது என்பதுதான் நிலைபெற்ற அணுகலின் அடிப்படை. சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், இறக்கையின் ஃபிளாப் தரையிறங்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும், சரிபார்ப்புப் பட்டியல் வாசித்து முடிந்திருக்க வேண்டும். விமானம் சரியான பாதையில், சரியான வேகத்தில், இயந்திரத்தில் ஓரளவு விசையோடு வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கப்பால் சிறு சிறு திருத்தங்கள் மட்டுமே பாக்கி.

இதை எண்களாக்கி உலகெங்கும் பரவச் செய்தது அமெரிக்காவின் ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன். மேகமோ மூடுபனியோ சூழ்ந்து கருவிகளை நம்பி இறங்கும்போது 1000 அடிக்குள்ளும், வெளியே தெளிவாகத் தெரியும்போது 500 அடிக்குள்ளும் விமானம் நிலைபெற்றிருக்க வேண்டும் என்றது அது. பல நிறுவனங்கள் வானிலை எதுவானாலும் 1000 அடி என்றே வைத்துக்கொண்டுவிட்டன. வேகத்துக்கு ஓர் அடிப்படை எண் உண்டு. அன்றைய எடைக்கும் ஃபிளாப் நிலைக்கும் கணக்கிட்ட அந்த எண்ணை வி-ரெஃப் என்பார்கள். வேகம் அதற்குக் கீழே போகக் கூடாது, 20 நாட்டுக்கு மேல் மிஞ்சவும் கூடாது. இறங்கு வேகம் நிமிடத்துக்கு 1000 அடியைத் தாண்டக் கூடாது. ஓடுபாதையிலிருந்து வரும் வழிகாட்டு அலைகளைப் பின்பற்றி வந்தால், திரையில் காட்டும் விலகல் ஒரு புள்ளிக்குள் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த உயரத்தில் கோ-அரவுண்ட். விதி இவ்வளவுதான்.

இந்த எண்கள் யாவும் உண்மையில் ஒரே பொருளைத்தான் அளக்கின்றன, விமானத்திடம் மிச்சமிருக்கும் ஆற்றலை. உயரமும் ஆற்றல், வேகமும் ஆற்றல். ஓடுபாதை தொடங்கும் விளிம்பை விமானம் 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். அப்போது மிஞ்சியிருக்கும் ஆற்றலை பிரேக்கும், இறக்கைமேல் எழும் தடுப்புத் தகடுகளும், எதிர்விசையும் சேர்ந்து தின்று தீர்க்க வேண்டும். அதற்கென்று கணக்குப் போட்டுத்தான் ஓடுபாதையின் நீளம் போதுமா என்று பார்க்கிறார்கள். உயரமாக வந்தவர் மூக்கைத் தாழ்த்தினால் உயரம் குறையும், வேகம் கூடும். வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினால் உயரம் மிஞ்சும். ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுவது போலத்தான். ஜெட் விமானத்தில் மிஞ்சிய ஆற்றலைக் கரைக்க நேரம் வேண்டும், அந்த நேரம் 1000 அடிக்குக் கீழே கிடைக்காது.

குறைந்த விசையோடு வருவதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மிக உயரமாக வந்தவர் விசையை முழுவதும் குறைத்துவிட்டுத்தான் இறங்குவார். அப்படிக் கிடக்கும் ஜெட் இயந்திரம் நெம்புகோலைத் தள்ளியவுடன் முழு விசை தருவதில்லை. எட்டு வினாடிக்குள் தேவையான விசை கிடைக்க வேண்டும் என்பதுதான் சான்றளிப்பு விதியே எதிர்பார்ப்பது. இயல்பான இறக்கத்தில் எட்டு வினாடி என்பது நூறடிக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 4000 அடி வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் அதே எட்டு வினாடி 500 அடிக்கு மேல். விசை பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பட்டியலில் ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

மங்களூருக்குத் திரும்புவோம். அன்று அங்கே ரேடார் இரண்டு நாளாகப் பழுது. ரேடாரில் பார்க்க முடியாததால் கட்டுப்பாட்டாளர் விமானத்தை முன்கூட்டியே இறங்கவிட முடியவில்லை. 130 மைல் தொலைவிலேயே துணை விமானி இறங்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 37,000 அடியிலிருந்து இறங்க அனுமதி வந்தபோது 77 மைல்தான் மிச்சம். மனக்கணக்கின்படி 37,000 அடியை இயல்பாக இறங்கிக் கரைக்க 110 மைலுக்கு மேல் வேண்டும். ஆக, இறக்கம் தொடங்கும்போதே விமானத்தின் கையில் கூடுதல் ஆற்றல் இருந்தது. இது விமானிகளின் குற்றமில்லை. இப்படி நேர்வது அபூர்வமுமில்லை. வழியில் ஒரு வட்டம் போட்டு உயரத்தைக் கரைத்துவிட்டு வருவது எல்லா விமானிக்கும் தெரிந்த வழி.

அப்போது கேப்டன் தூக்கத்திலிருந்தார். காக்பிட் ஒலிப்பதிவில் மிஞ்சியிருந்த இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் பேச்சில்லை, குறட்டை ஒலி கேட்டது. உடல் ஆழ்ந்து தூங்க விரும்பும் விடியற்காலை நேரம். நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை உடனே முழுத் தெளிவுக்கு வருவதில்லை. விசாரணை நீதிமன்றம் இதை நேரடிக் காரணமாகச் சொல்லாமல், துணைக் காரணங்களில் ஒன்றாக வைத்தது.

உயரத்தைக் கரைக்க 8500 அடியிலேயே சக்கரத்தை இறக்கினார்கள், வேகத்தடைத் தகடுகளையும் தூக்கினார்கள். போதவில்லை. ஓடுபாதையை நேர்கோட்டில் நோக்கி வந்தபோது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கில் இருந்தது. வழிகாட்டு அலைக்குள் வந்துவிட்டீர்களா என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்டது. ஆம் என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியைத் தூண்டினார். இறங்க அனுமதியும் வந்தது. கோபுரத்துக்கு விமானத்தின் உயரம் தெரியாது. ஆக, வெளியிலிருந்து ஒருவர் கவனித்துத் தடுக்கும் வாய்ப்பு அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது.

ஓடுபாதைக்கு இரண்டரை மைல் இருக்கும்போது ரேடியோ உயரமானி 2500 அடி என்று உரக்கச் சொன்னது. இந்தக் கருவி விமானத்துக்கு நேர் கீழே இருக்கும் தரையை அளப்பது. மங்களூரு ஓடுபாதை குன்றின் தலையை வெட்டிச் சமன்படுத்தியது, சுற்றிலும் பள்ளம். ஆகவே அந்த 2500-ஐ ஓடுபாதையிலிருந்து உள்ள உயரமாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அத்தூரத்தில் 3 பாகைச் சரிவு கேட்பது ஏறத்தாழ 800 அடிதான். பள்ளத்தைக் கழித்தாலும் கணக்கு ஒட்டவில்லை. துணை விமானி மிக உயரமாக இருக்கிறோம் என்றார், ஓடுபாதை நேர் கீழே கிடக்கிறது என்றார். கேப்டனும் அதிர்ந்துபோனதை ஒலிப்பதிவு காட்டுகிறது. அவர் ஆட்டோ பைலட்டைத் துண்டித்து மூக்கைக் கீழே தள்ளினார். இறங்கு வேகம் நிமிடத்துக்கு 4000 அடியைத் தொட்டது.

முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான். எந்தச் சிக்கலான சிந்தனையும் தேவையில்லாத இடம். இறங்கு வேக எல்லையைப் போல நான்கு மடங்கு. வழிகாட்டு அலையிலிருந்து விலகல் எல்லை கடந்தாயிற்று. துணை விமானி கேள்வியாகக் கேட்டார்: "கோ-அரவுண்ட்?" வழிகாட்டு அலையில் ஏதோ தவறு என்னும்படி கேப்டன் அரைகுறையாக முணுமுணுத்தார். துணை விமானி மறுபடி, இம்முறை கேள்விக்குறியில்லாமல், கோ-அரவுண்ட், நிலைபெறவில்லை என்றார். தரை நெருங்கல் எச்சரிக்கைக் கருவி "சிங்க் ரேட்", "புல் அப்" என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தது.

ஓடுபாதை விளிம்பை விமானம் 50 அடிக்குப் பதில் சுமார் 200 அடியில் கடந்தது. வேகம் 144 நாட்டுக்குப் பதில் 160-க்கு மேல். இந்த இரண்டு எண்களைப் பார்க்கும் சாதாரண வாசகருக்கு இது ஒன்றும் பெரிய மீறலாகத் தோன்றாது. பதினாறு நாட் கூடுதல், நூற்றைம்பது அடி கூடுதல். வேகத்தை மட்டும் தனியே எடுத்தால் அனுமதித்த எல்லையை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளர்வது. 160-ஐ 144-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.23. நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய கால்வாசி கூடிவிட்டது. உயரமோ இன்னும் மோசம். 3 பாகைச் சரிவில் 150 அடி கூடுதல் உயரத்தைக் கரைக்க 2860 அடி தூரம் வேண்டும். இயல்பாக விளிம்பிலிருந்து 1000, 1500 அடியில் பதிய வேண்டிய சக்கரம், இந்தக் கணக்கிலேயே சுமார் 4000 அடிக்குப் போய்விடும். உண்மையில் விமானம் 4500 அடியில் ஒரு முறை தொட்டுத் துள்ளி, 5200 அடியில்தான் தரையில் நிலைத்தது. ஓடுபாதை 2450 மீட்டர், அதாவது 8000 அடிச் சொச்சம். மிச்சம் 2800 அடி.

ஓடுபாதை தீர்ந்துபோகிறது என்ற பொருளில் துணை விமானியின் மூன்றாவது எச்சரிப்பு வந்தது. கேப்டன் எதிர்விசையைத் திறந்தார். பிறகு மனம் மாறி, எதிர்விசையை மூடி, மேலெழ முயன்றார். போயிங் நிறுவனத்தின் நடைமுறை இதைத் தெளிவாகத் தடுக்கிறது. எதிர்விசையைத் திறந்தாயிற்று என்றால் நின்றே தீர வேண்டும். எதிர்விசை மூடவும் இயந்திரம் மறுபடி முன்னோக்கி விசை பெறவும் நேரமாகும், அதற்குள் ஓடுபாதை முடிந்துவிடும். அப்படித்தான் முடிந்தது. விமானம் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த 90 மீட்டர் பாதுகாப்புப் பரப்பையும் கடந்து, வழிகாட்டு அலைபரப்பி நின்ற கான்கிரீட் மேடையில் இறக்கை இடித்துப் பள்ளத்தில் விழுந்தது. தரை தொட்டதும் எதிர்விசையோடு பிரேக்கை முழு பலத்தில் மிதித்திருந்தால் விமானம் 7600 அடியில் நின்றிருக்கும் என்று விசாரணை கணக்கிட்டது. இத்தனை தவறுக்குப் பிறகும் நானூறு அடி மிச்சமிருந்தது.

இனி, அனுபவமுள்ள ஒருவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்ற கேள்வி. அந்த கேப்டனுக்கு முன்பு ஒரு முறை தரையில் மோதினாற்போல் இறங்கியதற்காக அறிவுரை சொல்லப்பட்டிருந்தது என்றும், மெத்தென்று இறங்க வேண்டும் என்ற கவனம் அவரிடம் இருந்திருக்கலாம் என்றும் அறிக்கையில் பேச்சு வருகிறது. தூக்கக் கலக்கமும் இருந்தது. ஆனால் அவரைத் தனி மனிதராக்கி ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, நிலைபெறாமல் வரும் அணுகல்களில் ஏறத்தாழ 97 விழுக்காடு இறங்கியே முடிகின்றன என்றது. விதிப்படி மேலெழுபவர்கள் மூன்று விழுக்காடுதான். உலகில் இவ்வளவு மீறப்படும் வேறு பாதுகாப்பு விதி இருக்குமா என்பது சந்தேகம்.

காரணம் மறைபொருளல்ல. நிலைபெறாமல் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. 1000 அடியில் வேகம் 25 நாட் மிஞ்சியிருந்தது, 700 அடியில் சரியாகிவிட்டது, மெத்தென்று இறங்கினோம். அடுத்த முறை 30 நாட் மிஞ்சினாலும் சரியாகிவிடும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இப்படி ஒவ்வொரு முறையும் விமானி தன் திறமையைப் பற்றி ஏதோ கற்றுக்கொள்கிறார், தவறாகக் கற்றுக்கொள்கிறார். அதோடு கோ-அரவுண்ட் என்றால் எரிபொருள் செலவு, தாமதம், சில நிறுவனங்களில் விளக்கக் கடிதம். நம் செய்தித்தாள்களும் "வானில் வட்டமடித்த விமானம், பயணிகள் அலறல்" என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன. ஒழுங்காக நடந்த ஒரு வேலைக்கு அந்தத் தலைப்பு.

இறங்க முடியுமா, முடியாதா என்று விமானி தன்னையே கேட்டுக்கொள்வதுதான் சிக்கலின் வேர். அந்தக் கேள்விக்கு 500 அடியில், 150 நாட் வேகத்தில், வேர்த்த கையோடு யாரும் சரியான விடை தர முடியாது. முடியும் என்றுதான் எப்போதும் தோன்றும். ஓடுபாதை கண்ணெதிரே விரிந்துகொண்டே வருகிறது, அது அழைக்கிறது. ஆகவே நல்ல விமானி அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. இறக்கம் தொடங்கும் முன்பே, 37,000 அடியில், காப்பி குடித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிடுகிறார்: ஆயிரம் அடியில் இன்ன வேகம், இன்ன ஃபிளாப், இன்ன இறங்கு வேகம். இல்லையென்றால் மேலே போகிறோம், முழு விசை, ஃபிளாப் பதினைந்து, நேரே இத்தனை அடிக்கு. முடிவு அப்போதே எடுத்தாகிவிட்டது. ஆயிரம் அடியில் நடப்பது வெறும் சரிபார்ப்பு. விமானத்தை ஓட்டாத விமானி "ஆயிரம், நிலைபெற்றது" என்றோ "நிலைபெறவில்லை" என்றோ சொல்வார். பின்னதற்கு ஒரே பதில்தான் உண்டு, அது விவாதமாக இருக்க முடியாது.

நடைமுறையில் எல்லாம் இவ்வளவு தெளிவாக இராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 400 அடியில் ஒரு காற்று வீச்சில் வேகம் 22 நாட் மிஞ்சி இரண்டு வினாடியில் திரும்பி வந்தால் அதற்காக மேலெழ வேண்டுமா? வேண்டாம் என்றே பெரும்பாலான பயிற்சியாளர்கள் சொல்வார்கள். விமானி கவனிக்க வேண்டியது ஒரு முள்ளின் துடிப்பையல்ல, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை. எல்லையைத் தாண்டியது தானாகத் திரும்புகிறதா, அல்லது ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று எல்லையைத் தாண்டுகிறதா? உயரத்தைக் குறைக்க மூக்கைத் தள்ளியதும் இறங்கு வேகம் மீறியது, அதைப் பிடித்ததும் பறக்கும் வேகம் மீறியது என்று போனால், அந்த அணுகலில் ஆற்றல் கூடிக் கிடக்கிறது. திருத்த எதுவும் இல்லை, விட்டுவிட்டுப் போவதுதான் வழி. ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷனும் தன் விதி நடைமுறைக்கு ஒட்டவில்லை என்று உணர்ந்து, சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் உயரமான எல்லையும், வேகத்துக்கும் பாதைக்கும் 500 அடியும், விதிவிலக்கே இல்லாமல் மேலெழ வேண்டிய கடைசி வாசலாக 300 அடியும் வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. எல்லோரும் மீறும் கடுமையான விதியைவிட, எல்லோரும் மதிக்கும் இளகிய விதி மேல் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் 300 அடி இருக்கிறதே என்று 1000 அடியில் அலட்சியமாக இருப்பவர்கள் பெருகாமல் பார்த்துக்கொள்வது நிறுவனங்களின் பாடு.

கோ-அரவுண்டே ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடவும் கூடாது. பயிற்சி சிமுலேட்டருக்கு வெளியே விமானிக்கு அது அரிதாகவே வாய்ப்பது. நீண்ட தூரம் பறப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றுகூட வராமல் போகலாம். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து 300 பேரோடு துபாய் சென்ற எமிரேட்ஸ் போயிங் 777, ஓடுபாதையின் மேல் மிதந்து போனது. காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. கேப்டன் மேலெழ முடிவெடுத்துப் பொத்தானை அழுத்தினார். முடிவு விதிப்படியானதுதான். ஆனால் கணத்துக்கு முன்பு சக்கரம் தரையைத் தொட்டிருந்தது. தரை தொட்டுவிட்டால் அந்த விமானத்தில் அப்பொத்தான் தானாகச் செயலிழக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இயந்திரங்கள் குறைந்த விசையிலேயே கிடந்தன, இருவரில் ஒருவரும் விசை எகிறியதா என்று பார்க்கவில்லை. விமானம் எண்பது அடிச் சொச்சம் எழுந்து, சக்கரம் மடங்கிக்கொண்டிருக்க, ஓடுபாதைமேல் வயிற்றால் விழுந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார்.

ஆகவே கோ-அரவுண்டுக்கு உரிய காலம் ஒன்று இருக்கிறது. 1000 அடியில் அது எளிது, 300 அடியிலும் எளிதுதான். தரையை ஒட்டி வரவர கைகள் செய்ய வேண்டியது மாறுகிறது, சக்கரம் தொட்ட பின் பொத்தானை நம்பாமல் நெம்புகோலைத் தள்ளிப் பார்க்க வேண்டும், எதிர்விசை திறந்த பின் அது இல்லவே இல்லை. பயிற்சி பெரும்பாலும் 200 அடியில், விமானி எதிர்பார்த்திருக்கும் வேளையில் நடக்கிறது. மங்களூரிலும் துபாயிலும் அந்த முடிவு வந்தது ஓடுபாதைமேல்.

கடைசியாக, அந்தத் துணை விமானி. விதிப்படி நடந்தவர் அந்தக் காக்பிட்டில் அவர் ஒருவர்தான். ஆயினும் அவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. நம் பணியிடங்களின் பழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்த முதல் கேள்விக்குறியில் ஆச்சரியம் இருக்காது. மூத்தவரிடம் தவறைச் சொல்லும்போது குரல் தானாகக் கேள்வியாகிவிடுகிறது. ஆனால் விசாரணை அவரது கூச்சத்தைக் காரணமாக்கவில்லை. ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணை நீதிமன்றம், துணை விமானி தாமே கோ-அரவுண்ட் தொடங்கலாமா என்பதில் அறிவுறுத்தல்கள் ஒன்றுக்கொன்று குழப்பமாக இருந்ததால்தான் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், செய்யவில்லை என்று கருதியது. எச்சரித்தும் பதில் வராவிட்டால், மறுபடி எச்சரித்தும் வராவிட்டால், கட்டுப்பாடு என் கையில் என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறை பின்னர் அழுத்தம் பெற்றது.

2020 ஆகஸ்ட் 7 மாலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் இன்னொரு 737, கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் இறங்கியது. இதுவும் குன்றின் மேல் அமைந்த ஓடுபாதை. முதல் முறை ஒரு திசையிலிருந்து வந்து, மழை மறைத்ததால் முறையாக மேலெழுந்தார்கள். அதுவரை எல்லாம் சரி. இரண்டாம் முறை எதிர்த் திசையிலிருந்து, பின்காற்றோடு வந்தார்கள். மறுநாள் காலை அங்கிருந்தே ஒரு விமானத்தை ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் கேப்டனை அழுத்தியிருந்தது என்கிறது அறிக்கை. ஆட்டோ பைலட்டைத் துண்டித்த பின் இறங்கு வேகம் 1500 அடிவரை போனது. 8858 அடி ஓடுபாதையில் 4438 அடியில்தான் சக்கரம் பதிந்தது. துணை விமானி கோ-அரவுண்ட் என்று சொல்லவும் செய்தார். விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது, விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

விமான விபத்து விசாரணைப் பிரிவு அந்த விபத்துக்கு எழுதிய காரணம் இரண்டு பகுதிகள் கொண்டது. ஓட்டிய விமானி நிலைபெறாத அணுகலைத் தொடர்ந்து, கோ-அரவுண்ட் என்ற குரலைக் கேட்டும் பாதி ஓடுபாதை கடந்து இறங்கினார் என்பது ஒன்று. கண்காணித்த விமானி கட்டுப்பாட்டை எடுத்து மேலெழவில்லை என்பது இன்னொன்று. மங்களூரில் விதிகளின் குழப்பம் என்று எழுதியது, பத்து ஆண்டுக்குப் பின் கோழிக்கோட்டில் விபத்துக்கான காரணத்தின் ஒரு பகுதியாகவே இடம்பெற்றது.